சீசன் தொழிலில் ஏஆர்ஆர் கணக்கிடுவது எப்படி?

சந்தா வசூலிக்கும் நிறுவனங்கள் தம் அளவைச் சொல்வதற்குப் பயன்படுத்தும் எண் ஏஆர்ஆர், அதாவது ஆண்டுத் தொடர் வருவாய். ஒரு மாதத்தின் தொடர் வருவாயைப் பன்னிரண்டால் பெருக்கி இதைப் பெறுவதே பரவலான வழக்கம். இந்த மாதம் பணம் கட்டியவர்கள் அடுத்த பதினொரு மாதங்களும் ஏறக்குறைய இதே அளவில் கட்டுவார்கள் என்ற அனுமானம் அந்தப் பெருக்கலுக்குள் இருக்கிறது. கடைகளுக்கான பில்லிங் மென்பொருளுக்கு அது பொருந்தும். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் கூட்டம் சேரும் தொழிலுக்குப் பொருந்தாது.

நீட் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு செயலியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மாதச் சந்தா 300 ரூபாய். தேர்வு வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில் நடப்பதால், சந்தாதாரர் எண்ணிக்கை ஏப்ரலில் உச்சத்தைத் தொட்டு, தேர்வு முடிந்ததும் சரிந்துவிடும்.

படி 1: மாத வருவாயைச் சுத்தம் செய்யுங்கள்

வங்கியில் வந்து சேர்ந்த தொகை முழுவதும் தொடர் வருவாய் ஆகாது. ஒருமுறை மட்டும் விற்கும் மாதிரித் தேர்வுக் கட்டணத்தையும் புத்தக விற்பனையையும் கழித்துவிடுங்கள். ஒருவர் 2,400 ரூபாய் கட்டி ஆண்டுச் சந்தா வாங்கியிருந்தால், பணம் வந்த மாதத்தில் முழுத் தொகையையும் எழுதாமல், பன்னிரண்டு மாதங்களுக்கும் 200 ரூபாய் வீதம் பிரித்து எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் எல்லோரும் மாதச் சந்தாதாரர்களே என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: ஒரு முழுச் சுற்றையும் வரிசையாக எழுதுங்கள்

நீட் தயாரிப்பின் சுற்று ஜூனில் தொடங்கி மேயில் முடிகிறது. ஜூனில் 1,500 பேர், பிறகு மாதவாரியாக 1,800, 2,200, 2,500, 2,800, 3,200, டிசம்பரில் 4,000, ஜனவரியில் 5,500, பிப்ரவரியில் 7,000, மார்ச்சில் 8,500, ஏப்ரலில் 10,000, மேயில் 3,000 பேர் பணம் கட்டினார்கள் என்க. விரிதாளில் ஜூன் மாத வருவாயை B2 கட்டத்திலும் மே மாத வருவாயை B13 கட்டத்திலும் வைத்து, இரண்டு சூத்திரங்களையும் தனித்தனிக் கட்டங்களில் இடுங்கள்.

```
=B12*12
=SUM(B2:B13)
```

முதலாவது, ஏப்ரலின் 30 லட்சத்தைப் பெருக்கி 3 கோடியே 60 லட்சம் என்கிறது. இரண்டாவது, உண்மையில் ஈட்டியது 1 கோடியே 56 லட்சம் என்கிறது. இந்த இடைவெளி அலங்கார எண்ணோடு நின்றுவிடுவதில்லை. மாதம் 20 லட்சம் செலவாகும் அளவுக்கு ஆள் சேர்த்தால், ஆண்டுச் செலவு 2 கோடியே 40 லட்சம். ஏப்ரல் கணக்கின்படி அது தாராளமான இலாபம், முழுச் சுற்றின்படி 84 லட்சம் நட்டம். அந்த நட்டம் தெரியவரும்போது ஆகஸ்டு, செப்டம்பர் ஆகியிருக்கும்.

இதற்கு மாற்றாக, மிகக் குறைந்த ஜூனைப் பெருக்கி 54 லட்சம் என்று அடக்கமாகச் சொல்வதும் தவறுதான்.

படி 3: போனவர்கள் திரும்புகிறார்களா என்று பாருங்கள்

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் படி இதுவே. பலர் தாண்டிச் செல்வதும் இதையே. ஏப்ரலில் கட்டிய 10,000 பேரின் கணக்கு எண்களை அடுத்து வரும் ஜூன் பட்டியலோடு ஒப்பிடுங்கள். 600 பேர் இரண்டிலும் இருந்தால், அந்த ஜூனின் மற்றவர்கள் அடுத்த தேர்வுக்காகச் சேர்ந்த புதியவர்களாகவோ இடையில் விலகித் திரும்பியவர்களாகவோ இருக்க வேண்டும். அந்த 600 பேரிலும் பெரும்பாலோர் மறுமுறை தேர்வு எழுதுபவர்களாகவே இருப்பார்கள். இடம் கிடைத்ததும் அவர்களும் போய்விடுவார்கள்.

ஐபிஎல் பார்ப்பதற்காக மட்டும் சந்தா கட்டும் ரசிகரின் நிலை வேறு. அவர் போட்டிகள் முடிந்ததும் நிறுத்தினாலும், அடுத்த ஆண்டு அதே ஆளாகத் திரும்பி வரக்கூடும். வரைபடத்தில் இரண்டு தொழில்களின் ஏற்ற இறக்கமும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் பயிற்சிச் செயலி ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய முழு வாடிக்கையாளர் கூட்டத்தையும் புதிதாகத் தேட வேண்டும், அதற்கான விளம்பரச் செலவையும் மீண்டும் ஏற்க வேண்டும். எனவே இத்தகைய வருவாயைத் தொடர் வருவாய் என்று அழைப்பதற்கே நான் தயங்குவேன்.

படி 4: சொல்லும் எண்ணுக்குச் சரியான பெயரிடுங்கள்

முதலீட்டாளரிடமோ வங்கியிடமோ 1 கோடியே 56 லட்சத்தைக் "கடந்த பன்னிரண்டு மாதச் சந்தா வருவாய்" என்றே சொல்லுங்கள். ஏஆர்ஆர் என்பது கணக்கியல் தரநிலைகள் வரையறுத்த எண் அன்று. ஆகவே எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதை ஒரு வரியில் சேர்த்து எழுதுவது உங்கள் பொறுப்பு.

வளர்ந்துவரும் நிறுவனத்துக்கு இந்தக் கூட்டுத்தொகை சற்றுப் பின்தங்கியே காட்டும். வளர்ச்சியை அறிய மார்ச்சோடு ஏப்ரலை ஒப்பிடாமல், சென்ற ஏப்ரலோடு இந்த ஏப்ரலை ஒப்பிடுங்கள். சென்ற ஏப்ரலில் 8,000 பேர் இருந்திருந்தால் வளர்ச்சி 25 விழுக்காடு; மற்ற மாதங்களும் அதே அளவு உயர்ந்திருந்து, அந்த வேகம் நீடித்தால், அடுத்த சுற்றில் 1 கோடியே 95 லட்சம் வரலாம். அதை மதிப்பீடு என்ற தலைப்பில் தனி வரியில் எழுதுங்கள்.