அறையில் மூட்டைப்பூச்சி என்று விருந்தினர் எழுதினால்: பதில் எழுதும் முறை

புதுச்சேரியில் ஒரு சிறிய விடுதியின் வரவேற்பு மேசையில் நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு 10.40 மணிக்கு, தரைத்தளத்து 104ஆம் அறையில் குழந்தையோடு தங்கியிருக்கும் பெண்மணி வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்: “மெத்தை ஓரத்தில் மூட்டைப்பூச்சி இருக்கிறது. மகள் கையெல்லாம் தடிப்பு.”

பதில் எழுதும் முன் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, எந்த அறை காலியாக இருக்கிறது என்று பாருங்கள். 105, 204, 207 ஆகிய மூன்றும் காலி என்றால் 207ஐத்தான் தர வேண்டும். சுவர் விரிசல் வழியாகவும் மின்கம்பிக் குழாய் வழியாகவும் இந்தப் பூச்சி பக்கத்து அறைக்கும் நேர்மேல் அறைக்கும் போய்விடும் என்பதால், 105ஐயோ 204ஐயோ கொடுத்தால் அதே புகார் நள்ளிரவில் மறுபடி வரக்கூடும். மேலாளரிடம் தொலைபேசியில் பேசி, கட்டணமில்லாமல் அறை மாற்றித் தர ஒப்புதல் பெறுங்கள். பிறகு இப்படி எழுதலாம்:

“வணக்கம் மேடம். மெத்தையோரம் பூச்சியைப் பார்த்ததாகவும், மகளின் கையில் தடிப்பு இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த நேரத்தில் உங்களுக்கு இப்படி ஒரு தொல்லை நேர்ந்ததற்கு வருந்துகிறோம். இன்னும் 10 நிமிடத்தில் நானே அறைக்கு வந்து பார்க்கிறேன். மாடியில் 207ஆம் அறையை உங்களுக்காகத் தயார் செய்கிறோம். கூடுதல் கட்டணம் இல்லை. பெட்டிகளையும் துணிகளையும் இருக்கும் இடத்திலேயே விட்டுவையுங்கள். எப்படி எடுத்துச் செல்வது என்று நேரில் சொல்கிறேன்.”

இந்தப் பதிலில் “மூட்டைப்பூச்சிதான்” என்ற ஒப்புதலும் இல்லை, “எங்கள் விடுதியில் அதெல்லாம் கிடையாது” என்ற மறுப்பும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தடிப்பை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது; கொசுக்கடியும் அப்படித்தான் தெரியும், மூட்டைப்பூச்சிக் கடி சிலருக்குப் பல நாள் கழித்துத்தான் தடிக்கும். அதனாலேயே “உங்கள் பெட்டியில் வந்திருக்கும்” என்று ஒருபோதும் எழுதக் கூடாது: அது உண்மையாகவே இருந்தாலும் அந்த இரவில் யாராலும் நிரூபிக்க முடியாது, படிப்பவருக்கோ அது பழி சுமத்துவதாகத்தான் படும். நோய் பரவுமா என்று அவர் கேட்டால், மூட்டைப்பூச்சி மனிதர்களுக்கு நோய் பரப்புவதாக அறியப்படவில்லை என்றும், வீக்கம் அதிகமானால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல உதவுகிறோம் என்றும் சொல்லுங்கள். கேட்காதபோது இதை எழுதினால், அவர் நினைக்காத பயத்தை நாமே கிளப்பியதாகிவிடும்.

அறைக்குப் போகும்போது டார்ச் விளக்கும் பெரிய பிளாஸ்டிக் பைகளும் கையில் இருக்கட்டும். மெத்தையின் தையல் மடிப்பு, கட்டிலின் தலைப்பலகைப் பின்புறம், சட்டங்கள் சேரும் இடுக்கு, பிரம்பு நாற்காலியின் பின்னல் ஆகியவற்றைப் பாருங்கள். பேனா மை சொட்டியது போன்ற கரும்புள்ளிகள், உரிந்த தோல்கள், ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுள்ள தட்டையான பழுப்புப் பூச்சி ஆகியவையே அடையாளம். விருந்தினர் முன்னால் மருந்து அடிக்காதீர்கள். கடையில் வாங்கும் ஸ்பிரே பூச்சிகளைச் சுவர் இடுக்குகளுக்குள் சிதறடிக்கும், பல இடங்களில் அதற்கு அவை சாவதும் இல்லை. பெட்டிகளைப் பையில் கட்டி வைத்துவிட்டு, அந்த இரவுக்கு வேண்டியதை மட்டும் உதறிப் பார்த்து 207க்கு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். அந்த அறையின் மெத்தையையும் இதே முறையில் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

சோதனை முடிந்ததும் இரண்டாவது செய்தி போக வேண்டும். முதல் பதிலை நன்றாக எழுதுகிற பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விருந்தினரின் நம்பிக்கை போவது பெரும்பாலும் இந்த மௌனத்தில்தான்.

“மேடம், 104இல் தலைப்பலகையின் பின்புறம் மூட்டைப்பூச்சி இருப்பதைப் பார்த்தோம். நீங்கள் சொன்னது சரி. அந்த அறையைப் பூட்டிவிட்டோம், காலையில் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வருகிறார்கள். இன்றைய வாடகையைத் திருப்பித் தருகிறோம். உங்கள் துணிகளை எங்கள் செலவில் சூடான உலர்த்தியில் போட்டு நாளை மதியத்துக்குள் கொடுத்துவிடுகிறோம்.”

பணியாளர்களிடம் பேசி முடிக்காமல் “காலையில் வருகிறார்கள்” என்றோ, மேலாளர் ஒப்புக்கொள்ளாமல் வாடகையைப் பற்றியோ எழுதாதீர்கள். துணிகளுக்கு அதிக வெப்பத்தில் குறைந்தது 30 நிமிடம் தேவை. மொட்டைமாடி வெயிலை நம்ப முடியாது, ஏனெனில் பூச்சி நிழலான மடிப்புக்குள் ஒதுங்கிக்கொள்ளும். “நாளை மாலைக்குள் 104 சரியாகிவிடும்” என்றும் வாக்குத் தராதீர்கள். தப்பிய முட்டைகள் ஒன்றிரண்டு வாரத்தில் பொரிக்கும் என்பதால், ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து அறையை மறுபடி பார்த்து மருந்திட வேண்டும்.

எதுவும் கிடைக்காவிட்டால், எங்கெங்கே பார்த்தோம் என்பதை எழுதி, “தற்போது எதுவும் தென்படவில்லை, ஆனாலும் நீங்கள் 207இலேயே தங்கலாம், காலை வெளிச்சத்தில் மறுபடி பார்க்கிறோம்” என்று சொல்லுங்கள்.

மறுநாள் 103, 105, 204 ஆகிய அறைகளையும் சோதிக்க வேண்டியிருக்கும். 103இல் இருப்பவர் காரணம் கேட்டால், “பக்கத்து அறையில் பூச்சி தென்பட்டதால் உங்கள் அறையையும் பார்த்துவிடுகிறோம், 15 நிமிடத்தில் முடிந்துவிடும்” என்று உள்ளதைச் சொல்லி, அவர் விரும்பினால் கூடவே நின்று பார்க்க விடுங்கள்.