பிசினஸ் வகுப்புக்கு ஏலம் கேட்கும் முன்

டிக்கெட் எடுத்த பிறகு பணம் கட்டி வகுப்பு மாற இரண்டு வழிகள் உண்டு. விமான நிறுவனம் சொல்லும் நிலையான விலையைக் கட்டினால் இருக்கை உடனே உறுதி. நீங்களே ஒரு தொகை சொல்லி ஏலம் கேட்டால், பெரும்பாலும் புறப்பட ஒன்று முதல் மூன்று நாள் இருக்கும்போதுதான் முடிவு தெரியும். முதலில் உங்கள் முன்பதிவுப் பக்கத்தில் நிலையான விலை எவ்வளவு என்று பாருங்கள். ஏலத்தில் நீங்கள் தர நினைக்கும் தொகை அதை நெருங்கினால் ஏலமே வேண்டாம்.

ஏலத் திரையில் ஒரு முள்ளை நகர்த்தித் தொகை சொல்ல வேண்டும். பலர் ஏமாறும் இடம் இதுதான். அங்கே காட்டும் தொகை பெரும்பாலும் ஓர் ஆளுக்கு, ஒரு பறப்புக்கு மட்டும். நால்வர் குடும்பம், வழியில் ஒரு முறை விமானம் மாற வேண்டும் என்று வையுங்கள். 300 என்று முள்ளை நிறுத்தினால், இரண்டு பறப்புக்கும் சேர்த்து 300 × 4 × 2 = 2,400. அதுவும் போகும் வழிக்கு மட்டுமே. முள் பச்சைக்குப் போனால் கிடைத்துவிடும் என்றும் அர்த்தமில்லை. நிறுவனம் வைத்த வரம்புக்குள் உங்கள் தொகை எங்கே நிற்கிறது என்பதையே அது காட்டுகிறது. எத்தனை இருக்கை மீதம், எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்பது அதில் தெரியாது.

முந்திக் கேட்டவருக்கு முன்னுரிமை கிடையாது. மேல் வகுப்பில் முழு விலைக்கு இன்னும் எத்தனை இருக்கை விற்கும் என்று கணித்து, மிஞ்சுவதை மட்டுமே ஏலத்துக்கு விடுகிறார்கள். தொகைதான் முக்கியம். சில நிறுவனங்கள் அடிக்கடி பறப்போர் திட்டத்தில் உங்கள் உறுப்பினர் தகுதியையும், நீங்கள் வாங்கிய கட்டண வகையையும் சேர்த்துப் பார்க்கும். ஒரே முன்பதிவில் உள்ள எல்லோரும் ஒன்றாகத்தான் மாற முடியும் என்பது பொதுவான விதி. மூன்று இருக்கைதான் மீதம் என்றால் நால்வரின் நல்ல தொகையும் தோற்று, தனியாளின் சிறிய தொகை ஜெயிக்கும். குடும்பமாகப் போவோர் விடுமுறைக் கால நெரிசலில் இதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியே முடிவாவதால், நான்கு மணி நேரக் குறும்பறப்பில் ஜெயித்து, பத்து மணி நேர இரவுப் பறப்பில் தோற்பதும் நடக்கும். பணத்தைப் பிரிக்காமல் தூங்க வேண்டிய நீண்ட பறப்புக்கு மட்டும் கேளுங்கள். அந்தப் பறப்பை வேறொரு நிறுவனம் இயக்கினால் பெரும்பாலும் ஏலமே இருக்காது. ஏஜென்சியில் எடுத்த டிக்கெட் என்றால் ஏலத்துக்கான அழைப்பு மின்னஞ்சல் அவர்களுக்குப் போயிருக்கலாம். முன்பதிவு எண்ணையும் குடும்பப் பெயரையும் கொடுத்து நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்துவிடுங்கள்.

ஜெயித்தால்தான் அட்டையிலிருந்து பணம் போகும். அட்டை காலாவதியாகியிருந்தால், வங்கி மறுத்தால், வாய்ப்பு போய்விடும். பணம் போன பிறகு மனம் மாறினால் திரும்பக் கிடைக்காது. முடிவு வரும் முன் தொகையை மாற்றவோ விலக்கவோ ஒரு கெடு உண்டு. ஏலம் கேட்கும்போதே அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகளின் எடைதான் நம்மவர்களுக்குப் பெரிய விஷயம். ஏலத்தில் மாறினால் சில நிறுவனங்கள் புது வகுப்பின் எடையைத் தரும், சில பழைய டிக்கெட்டின் எடையையே வைத்திருக்கும். மைல்கள் பெரும்பாலும் பழைய கட்டணத்துக்கே சேரும். முன்பு காசு கொடுத்துத் தேர்ந்த இருக்கையின் கட்டணமும் பல இடங்களில் திரும்பாது. ஏல விதிகளில் எடை பற்றிய வரியைப் படித்த பிறகே பெட்டியைக் கட்டுங்கள்.