இன்டர்னல் பட்டியலில் மார்க் விடுபட்டால்: மெயிலில் செய்யக்கூடாதவை

"சார், என் மார்க் வரல, ப்ளீஸ் பாருங்க." இன்டர்னல் பட்டியல் ஒட்டிய அன்று ஆசிரியருக்கு வரும் மெயில்களில் பாதி இப்படித்தான் இருக்கும். பெயர் இல்லை, ரெஜிஸ்டர் நம்பர் இல்லை. மூன்று செக்‌ஷனுக்குப் பாடம் எடுப்பவர் யாருடைய மார்க்கை எங்கே தேடுவார்?

அதைவிடப் பெரிய தவறு, மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதுவது. ஒரு பி.காம் மாணவரை எடுத்துக்கொள்வோம். அவர் கல்லூரியில் இன்டர்னல் 25: இரண்டு தேர்வுகளின் சராசரிக்கு 15, அசைன்மென்ட்டுக்கு 5, வருகைக்கு 5. முதல் தேர்வில் 50க்கு 40, இரண்டாவதில் 36. சராசரி 38, அதாவது 15க்கு 11.4. அசைன்மென்ட் 4, வருகை 5 சேர்த்தால் 20.4 வர வேண்டும். பட்டியலிலோ 15. இரண்டாம் தேர்வின் கட்டம் காலியாக இருந்ததால் அது பூஜ்யமாகக் கணக்கில் போயிருக்கிறது. "மொத்தம் குறைகிறது" என்று எழுதினால் ஆசிரியர் எல்லாக் கட்டங்களையும் சரிபார்க்க வேண்டும். "இரண்டாம் தேர்வின் கட்டம் காலி" என்றால் ஒரே பார்வையில் முடியும். இரண்டில் சிறந்ததை மட்டும் எடுக்கும் கல்லூரியாக இருந்தால் இதே காலிக் கட்டத்தால் மொத்தம் மாறவே மாறாது. விதியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

காலிக் கட்டமும் 'AB'யும் ஒன்றல்ல. காலி என்றால் பெரும்பாலும் பதிவில் விட்டுப்போனது. 'AB' என்றால் தேர்வுக்கு வரவில்லை என்று குறித்திருக்கிறார்கள். அப்போது தேர்வறையின் வருகைத்தாளைப் பார்க்க வேண்டியிருக்கும், எனவே தேதியையும் அறை எண்ணையும் எழுத வேண்டும்.

அந்த மாணவர் இப்படி எழுதலாம்:

> பொருள்: இரண்டாம் இன்டர்னல் மார்க் விடுபட்டது – காஸ்ட் அக்கவுண்டிங் – (ரெஜிஸ்டர் நம்பர்)
>
> மதிப்பிற்குரிய மேடம், நான் இரண்டாம் ஆண்டு பி.காம், பி செக்‌ஷன். இன்று ஒட்டிய பட்டியலில் என் இரண்டாம் தேர்வின் கட்டம் காலியாக உள்ளது. திருத்திய விடைத்தாளில் 50க்கு 36 உள்ளது. அதன் முதல் பக்கத்தை இணைத்துள்ளேன். சரிபார்த்துத் திருத்தித் தர வேண்டுகிறேன். விடைத்தாளை நேரில் கொண்டுவரவும் தயார்.
>
> (பெயர்)

இதிலேயே "ஏழாவது கேள்விக்கு இரண்டு மார்க் கூடப் போட்டிருக்கலாம்" என்று சேர்க்காதீர்கள். விடுபட்டதைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. மதிப்பீட்டைக் கேள்வி கேட்பது வேறு விவகாரம். அதைக் கலந்தால் இதுவும் தள்ளிப்போகும். முதல் மெயிலிலேயே எச்.ஓ.டி.க்கும் முதல்வருக்கும் நகல் போடுவதும் வேண்டாம், அது புகார் போலத்தான் படிக்கப்படும். பட்டியலைப் படமெடுத்து அனுப்பினால் உங்கள் வரிசையை மட்டும் வெட்டி அனுப்புங்கள். மற்றவர்கள் மார்க் எதற்கு?

தாமதம்தான் மிக மோசமானது. மார்க்கைப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றி முடித்துவிட்டால் ஆசிரியர் நினைத்தாலும் தானாக மாற்ற முடியாது. முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கடிதம் போக வேண்டியிருக்கும். அன்றே மெயில் போடுங்கள். மறுநாள் வரை பதில் இல்லையென்றால் விடைத்தாளோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போங்கள். பட்டியலில் கையெழுத்துக் கேட்டால், திருத்திய பிறகு போடுகிறேன் என்று சொல்லுங்கள். கையெழுத்து விழுந்துவிட்டால் அந்த மார்க்கை நீங்கள் ஒப்புக்கொண்டதாகிவிடும்.