லிங்க்டு லிஸ்ட் படம்: அம்புக்கு முன் முகவரி

பெங்களூரில் முதலாண்டுத் தமிழ் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கையில், படத்தில் முதலிலேயே அம்பு போடுவதை நிறுத்திவிட்டேன். பாயிண்டர் பெட்டிக்குள் இருப்பது ஒரு முகவரி மட்டுமே. அம்பு அதை மறைத்துவிடுகிறது.

10, 30 என இரு நோடுகள். முகவரிகள் 100, 300. `p`-யில் 100, அதன் `next`-இல் 300. நடுவே 20-ஐச் செருக வேண்டும். புது நோடு `n`-இன் முகவரி 200.

```c
n->next = p->next;
p->next = n;
```

ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு பெட்டியில்தான் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுத வேண்டும். வரிகளை மாற்றிப் போட்டால் 300 முதலிலேயே அடிபட்டுவிடும். அடுத்த வரி 200-இன் `next`-இல் 200-ஐயே எழுதும். அச்சிட்டால் 10-க்குப் பின் 20 முடிவில்லாமல் வரும். எண்கள் சரியான பிறகே அம்பு. அதன் நுனி முழு நோடைத் தொட வேண்டும், உள்ளிருக்கும் `next` கட்டத்தை அல்ல.