பிரிட்டன் மாணவர் விசா: கல்விக்கடன் கடிதத்தையும் சேமிப்பையும் சேர்த்துக் காட்டுவது எப்படி?

என் தங்கைக்கு ஷெஃபீல்டில் எம்.எஸ்சி. இடம் கிடைத்தபோது நாங்கள் போட்ட கணக்கையே இங்கே சொல்கிறேன். எண்களை மட்டும் எளிதாக்கியிருக்கிறேன்.

1. எவ்வளவு காட்ட வேண்டும்?

பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி ஆவணமான சி.ஏ.எஸ்.-ஐ எடுத்துப் பாருங்கள். முதல் வருடக் கட்டணம் 18,000 பவுண்டு, முன்பணமாகக் கட்டியது 3,000 என்றால் பாக்கி 15,000. இதோடு தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் 9 மாதச் செலவு சேரும். 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, லண்டனில் 1,529. ஷெஃபீல்டுக்கு 9 × 1,171 = 10,539. ஆக மொத்தம் 25,539 பவுண்டு.

2. கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள்

கடன் இந்தத் தொகை முழுவதையும் தாங்கினால், கடனை அனுமதித்து வங்கி தரும் சாங்ஷன் கடிதம் ஒன்றே போதும். ஆனால் கடிதம் சரியாக இருக்க வேண்டும். எங்களுக்கு வங்கி முதலில் கொடுத்த கடிதத்தில் அப்பா பெயரில்தான் கடன் என்றிருந்தது. தங்கை பெயர் மாணவி என்று ஒரு மூலையில் மட்டும். கடன் மாணவருக்குத்தான் என்று கடிதம் சொல்ல வேண்டும். அப்பா இணைக்கடனாளியாக இருக்கலாம். கிளை மேலாளரிடம் உட்கார்ந்து பேசி மாற்றி வாங்கினோம்.

அடுத்து நிபந்தனைகள். ‘விசா கிடைத்தால் பணம் தரப்படும்’ என்பது பரவாயில்லை. ‘வீட்டு அடமானப் பத்திரம் பதிவான பிறகே பணம்’ என்றிருந்தால் அந்த வேலையை முடித்துவிட்டுப் புதுக் கடிதம் வாங்குங்கள். ‘கொள்கையளவில் ஒப்புதல்’ என்ற கடிதமும் உதவாது. கடன் தொகை, பயணத்துக்கு முன்பே பணம் கிடைக்கும் என்ற உறுதி, தேதி ஆகியவை இருக்க வேண்டும். தேதி, விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதத்துக்குள் இருக்கட்டும்.

3. குறையும் தொகைக்குச் சேமிப்பு

கடன் 24 லட்சம், ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20,000 பவுண்டு வரும். துண்டு விழுவது 5,539 பவுண்டு, அதாவது 6,64,680 ரூபாய். கணக்கில் 7 லட்சமாக வைத்திருங்கள். விண்ணப்ப நாளின் மாற்று விகிதத்தில்தான் பார்ப்பார்கள், நடுவில் ரூபாய் இறங்கலாம்.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கடன் கடிதத்துக்கு 28 நாள் விதி கிடையாது, சேமிப்புக்கு உண்டு. தொடர்ந்து 28 நாளும் இருப்பு தேவையான தொகைக்குக் கீழே ஒருநாள்கூட இறங்கக் கூடாது. 15-ஆம் நாள் ஒரு லட்சம் எடுத்துவிட்டு மறுநாளே போட்டாலும், நாள் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அந்த 28 நாளின் கடைசி நாள், விண்ணப்பக் கட்டணம் கட்டும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும்.

பணம் அப்பா அம்மா கணக்கில் இருந்தால் பிறப்புச் சான்றிதழும் அவர்கள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும். நகை, பங்குகள், பி.எஃப். எதையும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

4. கடைசிச் சரிபார்ப்பு

கட்டணம் கட்டும் முன் பாஸ்போர்ட், சி.ஏ.எஸ்., கடன் கடிதம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிடுங்கள். நம் இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் விரிவாகவும் இருக்கும். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் போடச் சொல்லுங்கள்.