குரோஷே போர்வைக்கு நெளியாத கரை: முதல் சுற்றிலேயே மூலைகளைப் படியவைக்கும் முறை

போர்வையைப் பின்னி முடித்து, ஆசையாகக் கரையும் போட்டுத் தரையில் விரித்தால், சில நேரம் ஓரம் அலை அலையாக எழுந்து நிற்கும். சில நேரம் நான்கு மூலைகளும் உள்ளே மடங்கி, நடுப்பகுதி கிண்ணம் போலக் குழியும். பார்ப்பதற்கு இவை எதிரெதிரான குறைகள், காரணம் ஒன்றுதான். கரையின் முதல் சுற்றில் விழுந்த தையல்களின் எண்ணிக்கை போர்வையின் அளவோடு பொருந்தவில்லை. அலை எழுந்தால் தையல் அதிகம், குழிந்தால் தையல் குறைவு.

நான் முதன்முதலில் பின்னிய பெரிய போர்வைக்கு ஐந்து சுற்றுக் கரை போட்டேன். முதல் சுற்றிலேயே பக்கவாட்டு ஓரங்கள் லேசாக நெளிந்தன. அடுத்த சுற்றுகள் இழுத்துச் சரிசெய்துவிடும் என்று நம்பித் தொடர்ந்தேன். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் தையல்கள்மேல் ஒன்றுக்கொன்றாக ஏறுவதால், அந்த நெளிவு கடைசிவரை அப்படியே வந்தது. ஐந்து சுற்றையும் பிரித்தேன். அதனால் இந்த விளக்கத்தில் பெரும்பகுதி முதல் சுற்றைப் பற்றியதுதான்.

ஒரு சொல் விளக்கம் முதலில். இங்கே சிங்கிள் குரோஷே, டபுள் குரோஷே என்பவை அமெரிக்க வழக்குப் பெயர்கள். பிரிட்டிஷ் வழக்கில் எழுதிய குறிப்புகளில் நம் சிங்கிளுக்கு டபுள் என்றும், நம் டபுளுக்கு டிரெபிள் என்றும் பெயர். கொக்கியில் நூலைச் சுற்றாமல் நேராகக் குத்தி எடுக்கும் குட்டைத் தையலே சிங்கிள். ஒருமுறை சுற்றிக்கொண்டு குத்துவது டபுள்.

அளந்து கணக்கிடுதல்

எடுத்துக்காட்டாக, வரிசை வரிசையாக டபுள் குரோஷேயில் பின்னிய ஒரு போர்வையை எடுத்துக்கொள்வோம். அகலம் 90 சென்டிமீட்டர், நீளம் 120 சென்டிமீட்டர். போர்வையின் நடுப்பகுதியில் அளவுநாடாவை வைத்து, 10 சென்டிமீட்டருக்குக் குறுக்கே எத்தனை தையல், நெடுக்கே எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். ஓரத்தில் எண்ணக் கூடாது. ஓரத் தையல்கள் எப்போதும் சற்று இறுகியோ தளர்ந்தோ இருக்கும். நம் போர்வையில் 14 தையல், 8 வரிசை இருக்கின்றன. ஆகவே அகலத்தில் 126 தையல், நீளத்தில் 96 வரிசை.

மேல் ஓரத்தில் சிக்கல் இல்லை. அங்கே தையல்களின் தலைப்பகுதி தெரிகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள் போட்டால் போதும். பக்கவாட்டில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அங்கே தையல் தலை எதுவும் இல்லை, வரிசைகளின் முனைகள் மட்டுமே உள்ளன. டபுள் குரோஷே உயரமான தையல் என்பதால், "வரிசைக்கு இரண்டு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கணக்கை நம் போர்வையில் வைத்துப் பார்ப்போம்.

பக்கவாட்டு நீளம் 120 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டருக்கு 14 தையல் வீதம் அதற்கு 168 தையல் தேவை. வரிசைக்கு இரண்டு போட்டால் 96 வரிசைக்கு 192 ஆகிவிடும், 24 தையல் அதிகம். அந்த 24 தையலும் சேர்ந்து ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் அகலம் கேட்கும். 120 சென்டிமீட்டர் ஓரத்தில் அவற்றுக்கு இடமில்லாததால் மேலும் கீழுமாக நெளிகின்றன. வரிசைக்கு ஒன்று மட்டும் போட்டால் 96தான் வரும்; ஓரம் சுருங்கி இழுபடும்.

நமக்குத் தேவையானது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வீதம். 14ஐ 8ஆல் வகுத்தால் 1.75. அதாவது 4 வரிசைக்கு 7 தையல். முனை முனையாகச் சொன்னால் 2, 2, 2, 1; மறுபடி 2, 2, 2, 1. உங்கள் போர்வையில் 12 தையலும் 8 வரிசையும் வந்தால் வீதம் 1.5, அப்போது 2, 1 என்று மாறி மாறிப் போட வேண்டும். போர்வை முழுக்கச் சிங்கிளில் பின்னியது என்றால், பெரும்பாலும் வரிசைக்கு ஒன்று அல்லது அதைவிடச் சற்றுக் குறைவாக வரும். எப்படியானாலும் உங்கள் அளவு சொல்வதை நம்புங்கள், என் எண்களை அல்ல.

ஓரத்தைப் பிரித்துக் குறித்தல்

96 வரிசை முனைகளை விடாமல் மனத்தில் எண்ணிக்கொண்டே போவது யாருக்கும் கடினம். ஆகவே பக்கவாட்டு ஓரத்தை நான்கு சம பகுதிகளாகப் பிரித்து, 24 வரிசைக்கு ஒன்றாக ஊக்கோ வேறு நிற நூல்துண்டோ மாட்டிவையுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் 42 தையல் விழ வேண்டும். பிழை நேர்ந்தால் அந்தப் பகுதிக்குள்ளேயே தெரிந்துவிடும், 42 தையலைப் பிரித்தால் போதும்.

முதல் சுற்று

மூலையில் தொடங்காதீர்கள். மூலைத் தையல்களோடு சுற்று இணையும் இடமும் சேர்ந்தால் அங்கே முடிச்சுப் போலத் தடிக்கும். மேல் ஓரத்தில், மூலைக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் முன்பாக நூலை இணைத்து, ஒரு சங்கிலி போட்டு, அதே இடத்தில் முதல் சிங்கிளைப் போடுங்கள். பிறகு தையலுக்கு ஒன்றாக மூலைவரை செல்லுங்கள். வரிசையின் கடைசித் தையலே மூலைத் தையல். அதில் மட்டும் 3 சிங்கிள் போட்டு, மூன்றில் நடுத் தையலில் ஒரு குறி மாட்டுங்கள்.

ஏன் மூன்று? ஒரு சுற்றுச் சிங்கிள் என்பது போர்வையைச் சுற்றி ஒட்டிய மெல்லிய பட்டை. சிங்கிள் தையலின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். பட்டை ஒரு தையல் உயரம் வெளியே வளரும்போது, ஒவ்வொரு பக்கமும் இரு முனைகளிலும் ஒவ்வொரு தையல் நீள வேண்டும். ஒரு மூலையில் இரு பக்கங்கள் சந்திக்கின்றன. ஆக, வழக்கமான ஒன்றோடு கூடுதலாக இரண்டு. கரையை டபுளில் போட்டால் உயரம் ஏறக்குறைய இரு மடங்கு. அங்கே மூன்று போதாது, ஐந்து வேண்டும். சிங்கிளுக்கான மூலையை டபுள் சுற்றுக்கும் பயன்படுத்துவதே பல போர்வைகளில் மூலை குழியக் காரணம்.

மூலையைத் திரும்பியதும் பக்கவாட்டு ஓரம் தொடங்குகிறது. 2, 2, 2, 1 என்ற வரிசையில் போடுங்கள். கொக்கி எங்கே நுழைகிறது என்பதில் கவனம் தேவை. முனைத் தையலுக்குப் பின்னால் உள்ள பெரிய இடைவெளியில் கொக்கியை விட்டு எடுத்தால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் ஓரம் முழுவதும் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். முனைத் தையலின் தண்டையே குத்தி, குறைந்தது இரண்டு இழைகள் கொக்கிமேல் கிடக்குமாறு எடுங்கள். டபுள் வரிசையின் ஒரு முனையில் தண்டும், மறு முனையில் வரிசை தொடங்கப் போட்ட சங்கிலியும் இருக்கும். ஆகவே ஒரே ஓரத்தில் இவை மாறி மாறி வரும். ஒற்றைத் தையலைச் சங்கிலி முனையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வரிசைக்கு ஒருமுறை தப்பாமல் அது சங்கிலியின் மேலேயே விழும். சங்கிலியின் கண்ணிகளுக்குள் குத்தினால் அங்கேயும் ஓட்டை தெரியாது.

முதல் பகுதியின் 42 தையல் முடிந்ததும் நிறுத்தி, போர்வையைச் சமதரையில் விரியுங்கள். மடியில் வைத்துப் பார்த்தால் துணியின் எடையே நெளிவை மறைத்துவிடும். ஓரம் தானாகப் படிந்து கிடந்தால் தொடருங்கள். லேசாக அலை எழுந்தால் உங்கள் சிங்கிள் தையல் டபுளைவிட அகலமாக விழுகிறது என்று பொருள். பிரித்துவிட்டு அரை மில்லிமீட்டர் சிறிய கொக்கியால் அதே 42ஐப் போடுங்கள். இழுத்தால் அரை மில்லிமீட்டர் பெரிய கொக்கி. எண்ணிக்கையை மாற்றுவதைவிடக் கொக்கியை மாற்றுவதே நல்லது என்பது என் அனுபவம்; எண்ணிக்கை மாறினால் எதிர்ப்பக்கத்திலும் அதை நினைவில் வைத்து மாற்ற வேண்டியிருக்கும்.

கீழ் ஓரம் அடிச் சங்கிலியின் பக்கம். ஒவ்வொரு டபுள் தையலின் அடியிலும் ஒரு சிங்கிள், இரு மூலைகளிலும் மும்மூன்று. பலருக்கும் அடிச் சங்கிலி இறுகி விழுவதால், இந்த ஓரம் மேல் ஓரத்தைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் குட்டையாக இருக்கும். அதை நிமிர்த்தக் கூடுதல் தையல் போட்டால் கரை மட்டும் நெளியும், சங்கிலி நீளாது. 126 என்ற கணக்கை மாற்றாமல் போடுங்கள். இறுக்கம் மிக அதிகம் என்றால் அதைக் கரையால் தீர்க்க முடியாது. அடுத்த போர்வையில் அடிச் சங்கிலியை மட்டும் பெரிய கொக்கியால் போடுவதே வழி.

சுற்றை முடித்து, முதல் தையலில் ஸ்லிப் தையலால் இணைத்ததும் எண்ணிப் பாருங்கள். மூலைக் குறிகளுக்கு இடையே மேலும் கீழும் 126, பக்கங்களில் 170 இருக்க வேண்டும். மூலைக் குறிகள் நான்கையும் சேர்த்து மொத்தம் 596.

அடுத்த சுற்றுகள்

இனி வேலை எளிது. தையலுக்கு ஒன்று, மூலைக் குறியுள்ள தையலில் மூன்று, குறியைப் புதிய நடுத் தையலுக்கு மாற்றுதல், அவ்வளவுதான். ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டாகக் கூடும்: 128, 172, மொத்தம் 604. எதிரெதிர்ப் பக்கங்களின் எண்ணிக்கை எப்போதும் சமமாக இருக்க வேண்டும்.

குறியை மாற்ற மறந்தால், மூன்றில் நடுத் தையல் எது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். தையலின் தலை அதன் தண்டுக்கு நேர்மேலே இல்லாமல் சற்று ஒதுங்கி விழுவதால், கண் எளிதில் பக்கத்துத் தையலைத் தேர்ந்துவிடும். ஒரு சுற்றில் தெரியாது. நான்காம் சுற்றில் மூலையின் கூர்மை ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓரத்தில் ஒரு சிறு அலை வந்திருக்கும். அந்த நேரத்தில் அந்த மூலையில் சந்திக்கும் இரு பக்கங்களை எண்ணினால் ஒன்று கூடியும் மற்றது குறைந்தும் இருக்கும். எங்கே நழுவியது என்பதை அந்த எண்ணிக்கையே காட்டும்.

மூலை மட்டும் காது போல எழுந்து, பக்கங்கள் ஒழுங்காக இருந்தால் மூலையில் தையல் அதிகம். மூலை மட்டும் உள்ளே குழிந்தால் அங்கே தையல் குறைவு. பக்கங்கள் இறுகி இழுத்தாலும் மூலை குழியும். அதனால் முதலில் பக்கத்தின் எண்ணிக்கையைப் பாருங்கள், பிறகு மூலையைத் தொடுங்கள்.

கம்பளி நூல் என்றால், மீதமிருக்கும் சிறு நெளிவை நனைத்து, அளவுக்கு விரித்து, ஊசி குத்திக் காயவைத்தே படியவைத்துவிடலாம். அக்ரிலிக் நூலுக்கு நீராவி காட்டலாம்; ஆனால் இஸ்திரிப் பெட்டி துணியைத் தொடக் கூடாது. சூடு அதிகமானால் இழை உருகிப் பளபளத்துத் துவண்டுவிடும், பழைய நிலைக்கு வராது. இவ்விரு முறைகளும் ஒன்றிரண்டு தையல் அளவுள்ள பிழையைத்தான் மறைக்கும். 24 தையல் அதிகமான ஓரத்தை எந்த நீராவியாலும் படியவைக்க முடியாது. அதைப் பிரித்தே ஆக வேண்டும்.