ஒட்டு வெயிட்டா, கிளிப் வெயிட்டா: வீல் பேலன்சிங்கில் நடக்கும் தவறுகள்

திருமங்கலத்திலிருந்து வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் சென்ற கோடையில் எங்கள் டயர் கடைக்கு வந்தார். "முந்தாநாத்துதாண்ணே பேலன்சிங் பாத்தேன். எம்பதைத் தாண்டுனா ஸ்டியரிங்கு கையில நிக்க மாட்டேங்குது" என்றார். காரைத் தூக்கி இடப்பக்க முன்சக்கரத்தைப் பார்த்தால், 15 அங்குல அலாய் ரிம்மின் உட்புறம், ஆரக்கால்களுக்குப் பின்னால், சக்கரத்தைச் சமப்படுத்த ஒட்டிய 40 கிராம் ஒட்டு வெயிட் அசையாமல் இருந்தது. எதுவும் விழவில்லை. ஆனாலும் சக்கரம் சமநிலையில் இல்லை.

வெயிட் விழுந்துவிட்டதால்தான் வண்டி ஆடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். விழாத வெயிட்டும் அதே அளவு ஆட்டத்தைத் தரக்கூடும் என்பதை இந்தச் சக்கரத்தை வைத்தே விளக்கலாம் என்று தோன்றுகிறது.

பேலன்சிங் இயந்திரத்துக்கு மூன்று அளவுகள் தேவை. இயந்திரத்திலிருந்து ரிம் இருக்கும் தூரம், ரிம்மின் அகலம், ரிம்மின் விட்டம் ஆகியவையே அவை. இவற்றை வைத்துக்கொண்டு, ரிம்மின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் எத்தனை கிராம் வைத்தால் சக்கரம் சமமாகும் என்று இயந்திரம் கணக்கிடுகிறது. சாதாரண முறையில் அது சொல்லும் எண், கிளிப் வெயிட்டை விளிம்பில் அடிப்பதற்கான எண். அலாய் சக்கரத்தின் வெளிவிளிம்பில் கிளிப் அடித்தால் பார்க்க அழகாக இராது, கீறலும் விழும் என்பதால், நம் ஊர்க் கடைகளில் அந்த எண்ணுக்குரிய வெயிட்டை ஆரக்கால்களுக்குப் பின்னால் ஒட்டிவிடுகிறார்கள். இயந்திரத்தில் முறையை மாற்றாமல் இதைச் செய்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தொடக்க காலத்தில் நானே செய்த தவறும் கூட.

இந்தச் சக்கரத்தில் வெயிட்டைக் கழற்றிவிட்டுச் சுழற்றியபோது, சாதாரண முறையில் வெளிப்பக்கம் 40, உட்பக்கம் 0 என்று காட்டியது. முன்பு வேலை பார்த்தவர் அந்த 40 கிராமைத்தான் உள்ளே ஒட்டியிருக்கிறார். விளிம்பு மையத்திலிருந்து சுமார் 190 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒட்டிய இடமோ 170 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. மையத்தை நெருங்க நெருங்க வெயிட்டின் வேலை குறையும் என்பதால், அங்கே 40 கிராம் ஏறத்தாழ 36 கிராமுக்குரிய வேலையைத்தான் செய்யும். இதைவிடப் பெரிய பிழை பக்கவாட்டு இடமாற்றத்தில் இருக்கிறது. இரு விளிம்புகளுக்கும் இடைவெளி 150 மில்லிமீட்டர். வெயிட்டோ வெளிவிளிம்பிலிருந்து 50 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருந்தது. அப்படியானால் அந்த 36 கிராமில் மூன்றில் இரண்டு பங்குதான் வெளிப்பக்கத்துக்குச் சேரும், மீதி ஒரு பங்கு உட்பக்கத்துக்குப் போய்விடும். ஆக, வெளிப்பக்கம் 24 கிராம் கிடைத்து 16 கிராம் குறைகிறது. எதுவுமே தேவைப்படாத உட்பக்கத்திலோ 12 கிராம் கூடுதலாக ஏறிவிடுகிறது.

மொத்தக் கணக்கில் குறை வெறும் 4 கிராம்தான் என்பதால், சக்கரம் மேலும் கீழும் குதிக்காது. ஆனால் ஒரு பக்கக் குறையும் மறுபக்க மிகுதியும் சேர்ந்து சக்கரத்தை இடவலமாக முறுக்கும். அவருடைய காரில் இருக்கையோ தரையோ அதிரவில்லை, ஸ்டியரிங் மட்டும்தான் ஆடியது, காரணம் இதுதான். 16 கிராம் அற்பமாகத் தோன்றலாம். மணிக்கு 90 கிலோமீட்டரில் அந்தச் சக்கரம் நொடிக்கு 13 முறை சுற்றுகிறது. அப்போது அந்த 16 கிராம் ஏறக்குறைய இரண்டு கிலோ எடை இழுப்பது போல இழுக்கும். மதுரை நகருக்குள் ஓட்டும்வரை யாருக்கும் தெரியாது, விருதுநகர் நான்கு வழிச்சாலையில் ஏறியதும் தெரிந்துவிடும்.

சரியான முறை எளிமையானது. இயந்திரத்தில் அலாய் சக்கரங்களுக்காக ALU என்று இருக்கும் முறைகளில், நாம் உண்மையில் வெயிட் வைக்கப்போகும் இடங்களுக்குப் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிவெயிட் ஆரக்காலுக்குப் பின்னால் ஒட்டு, உள்வெயிட் உள்விளிம்பில் கிளிப் என்பதற்கு ஒரு முறை உண்டு. அளவுகோல் கையை ஒட்டப்போகும் இடத்துக்கே கொண்டுபோய்த் தொட வைக்கும் வசதி உள்ள இயந்திரமானால் இன்னும் நல்லது. அப்படிச் செய்ததும் அதே சக்கரம் கேட்டது, ஒட்டு வெயிட்டாக 65 கிராமும், அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் உள்விளிம்பில் கிளிப்பாக 20 கிராமும். 40 கிராம் வேலைக்கு 85 கிராமா என்று ஓட்டுநர் முகம் சுளித்தார். வெயிட்டை மறைவாக வைப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

தவறான முறையிலேயே வைத்துவிட்டு, மீண்டும் சுழற்றி, காட்டும் எண்ணுக்கு மேலும் ஒட்டிக்கொண்டே போனாலும் நான்கைந்து சுற்றில் சக்கரம் சமநிலைக்கு வந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் பிழை சிறிதாகிக்கொண்டே போகும். ஆனால் கூட்டம் நிற்கும் நேரத்தில் யாரும் அத்தனை முறை சுழற்றுவதில்லை. ஒட்டிய பிறகு ஒருமுறையாவது மீண்டும் சுழற்றிக் காட்டுங்கள் என்று வாடிக்கையாளர் கேட்பதில் தவறே இல்லை. பூஜ்யம் காட்டினாலும், சிறு பிழைகளை இயந்திரம் பூஜ்யமாகவே காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதை விலக்கி உண்மையான மீதியைக் காட்டும் பொத்தான் பெரும்பாலான இயந்திரங்களில் இருக்கிறது. அதை அழுத்திப் பார்க்கச் சொல்லலாம்.

இன்னொரு பிழை இடம் குறிப்பதில் நேர்கிறது. 65 கிராம் என்பது ஒற்றைக் கட்டை அல்ல, 5, 10 கிராம் துண்டுகள் வரிசையாகச் சேர்ந்த நீண்ட பட்டை. இயந்திரம் காட்டும் புள்ளி பட்டையின் நடுவுக்கு உரியது. அவசரத்தில் பட்டையின் ஒரு முனையை அந்தப் புள்ளியில் வைத்து ஒட்டத் தொடங்குகிறார்கள். நடு 5 சென்டிமீட்டர் விலகினாலே, 65 கிராம் பட்டையில் ஏறத்தாழ 19 கிராம் பிழை வந்துவிடும். பட்டையை வெட்டிய பிறகு நடுவில் நகத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்வது எங்கள் கடையில் வழக்கம்.

இனி விழும் வெயிட்டுகளைப் பற்றிப் பார்க்கலாம். ஒட்டு வெயிட் விழுந்த இடத்தைப் பார்த்தே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடலாம். வெயிட்டின் அடியில் பசையோடு இருக்கும் பஞ்சுப் பட்டை முழுவதும் வெயிட்டோடு போய், ரிம்மில் வெறும் செவ்வகத் தடம் மட்டும் இருந்தால், ஒட்டிய பரப்பு சுத்தமாக இல்லை என்று பொருள். பிரேக் தூள், டயர் மாட்டும் சோப்பு, டயர் பளபளப்புக்கு அடிக்கும் எண்ணெய் என எதுவாகவும் இருக்கலாம். பஞ்சு கிழிந்து பாதி ரிம்மிலேயே ஒட்டியிருந்தால், பசை பிடித்திருக்கிறது, ஆனால் வெயிட்டை ஏதோ தட்டியிருக்கிறது அல்லது பட்டை பழசாகிவிட்டது. தட்டுவது பெரும்பாலும் பிரேக் காலிப்பர்தான். சக்கரத்தை மாட்டியதும் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் உரசும் ஒலி கேட்டுவிடும். பழைய வெயிட்டின் மேல் புதிய வெயிட்டை அடுக்கி ஒட்டும் இடங்களில் இது எளிதில் நேரும்.

சுத்தம் செய்ய எங்கள் பகுதியில் பலரும் பெட்ரோல் நனைத்த துணியைத்தான் எடுக்கிறார்கள். பெட்ரோல் அழுக்கைக் கரைத்தாலும், காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும், அதன் மேல் பசை பிடிக்காது. பழைய பட்டையின் மிச்சத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதும் எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடைத்து, ஈரம் ஆறிய பிறகு, விரல் படாமல் ஒட்ட வேண்டும். சித்திரை வெயிலில் நின்ற சக்கரமானால், தொட்டால் சுடாத அளவுக்கு ஆற விடுவது நல்லது. ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் அழுத்த வேண்டும், பட்டையின் இரு முனைகளையும் கூடுதலாக அழுத்த வேண்டும். பசை தன் பிடியில் பெரும்பகுதியை முதல் ஒரு நாளில் பெறும், முழுப் பிடிக்கு மூன்று நாள் வரை ஆகும். எனவே பேலன்சிங் முடித்த கையோடு வாட்டர் சர்வீஸுக்குப் போய் ரிம்மின் உட்புறத்தில் நீரைப் பீய்ச்சுவது, செய்த வேலையைத் தானே அவிழ்ப்பதாகும். ஒருமுறை உரித்த பட்டையைத் திரும்ப ஒட்டுவதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, அது பிடிக்காது.

கிளிப் வெயிட் விழுவதற்கான காரணம் வேறு. இரும்பு ரிம்மின் விளிம்பு மெல்லிய தகடு, அலாய் ரிம்மின் விளிம்பு தடித்தது. இரண்டுக்கும் கிளிப்பின் வளைவு வேறு வேறு. இரும்புக்குரிய கிளிப்பை அலாயில் அடித்தால் வாய் முழுவதும் இறங்காது, நுனியில் மட்டும் கவ்வி நிற்கும். அலாய்க்குரியதை இரும்பில் அடித்தால் தளர்வாக இருக்கும். ஒரே டப்பாவில் இரண்டையும் கலந்து வைத்திருக்கும் கடைகளில் இந்தக் குழப்பம் அன்றாடம் நடக்கிறது. சுத்தியலால் கிளிப்பின் தலையில் அடிக்க வேண்டும், வெயிட்டின் உடலில் அடித்தால் ஈயம் நசுங்குமே தவிர கிளிப் இறங்காது. கழற்றிய கிளிப்பின் வாய் ஏற்கெனவே விரிந்திருக்கும் என்பதால், அதை மறுபடியும் பயன்படுத்துவது ஐந்து பத்து ரூபாய் மிச்சத்துக்காகச் செய்யும் வேலை. விளிம்பின் வளைவை ஒட்டி நீளமாக ஒரு கீறல் தெரிந்தால், அந்த வெயிட் விழுவதற்கு முன் நெடுநேரம் நகர்ந்துகொண்டிருந்தது என்று அறியலாம்.

எந்தத் தவறும் இல்லாமலும் சக்கரம் ஆடக்கூடும். மழைக்குப் பின் கரிசல் காட்டுப் பாதையில் ஓடிய வண்டிகளில், ரிம்மின் உட்புறம் மண் அப்பி, காய்ந்து இறுகி, ஒரு பக்கத்தில் மட்டும் உடைந்து விழுந்துவிடும். கள்ளிக்குடிப் பக்கமிருந்து வரும் வண்டிகளில் நான் முதலில் தேடுவது வெயிட்டை அல்ல, அந்த மண்ணைத்தான். அதைச் சுரண்டாமல் இயந்திரத்தில் ஏற்றினால், மண்ணுக்கும் சேர்த்து வெயிட் ஒட்டிவிடுவோம். அடுத்த மழையில் மண் கரைந்ததும் வெயிட் மட்டும் மிஞ்சும்.

அந்த ஓட்டுநர் அன்றே நான்கு வழிச்சாலையில் கள்ளிக்குடி வரை போய்த் திரும்பினார். ஸ்டியரிங் ஆட்டம் நின்றுவிட்டது, ஆனால் நூறைத் தாண்டும்போது இருக்கைக்கு அடியில் லேசாக ஓர் அதிர்வு இருக்கிறது என்றார். பின்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தபோது, வலப்பக்கத்தில் பஞ்சின் சுவடே இல்லாத ஒரு செவ்வகத் தடம் மட்டும் இருந்தது.